மெதுவான நெட்டிலும் நிற்காமல் ஓடும் வீடியோ: எக்ஸ்போர்ட் பற்றிய கேள்வி பதில்கள்

எக்ஸ்போர்ட் பண்ணும்போது முதல்ல எதை முடிவு பண்ணணும்? ரெசல்யூஷனா, பிட்ரேட்டா?

பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற அளவு. அதையும் உங்கள் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பார்ப்பவரின் நெட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் 1080p, 720p என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். அது வைக்கும் பிட்ரேட் நல்ல பிராட்பேண்ட் இருப்பவருக்கானது, அதனால் கிராமத்தில் ஒரு கட்டை சிக்னலில் பார்ப்பவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே வீடியோவை வைத்துச் சொல்கிறேன், கணக்கு புரிவதற்கு அது வசதி. ஒரு தையல் வகுப்பு. பிளவுஸ் கட்டிங் சொல்லித் தருகிறார்கள், 12 நிமிடம், போனில் ஸ்டாண்ட் போட்டு 1080p, நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தது. போன் அதை நொடிக்கு சுமார் 17 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்திருக்கிறது, ஃபைல் ஒன்றரை ஜிபி. இதை வகுப்பின் இணையதளத்தில் நேரடியாக ஒரு mp4 ஃபைலாகப் போட வேண்டும். பார்க்கப்போகும் பெண்களின் போனில் சாயங்காலம் வேகம் பார்த்தால் 1 மெகாபிட்டைச் சுற்றி நிற்கிறது.

வேகத்தைக் காலை பத்து மணிக்கு அளக்காதீர்கள், எல்லோரும் நெட்டில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு அளந்து, வந்ததில் குறைந்ததை எடுங்கள். அதிலும் 70 சதவீதத்தை மட்டும் செலவு செய்யுங்கள், ஏனென்றால் மொபைல் நெட் ஒரே சீராக வராது, ஒரு நொடி நிறைய வரும், அடுத்த நொடி ஒன்றுமே வராது. நம் வீடியோவுக்கு 1000 கிலோபிட்டில் 700. அதில் ஆடியோவுக்கு 60 சொச்சம் போனால் படத்துக்கு 640 கிலோபிட். மற்ற எல்லா முடிவும் இந்த 640-ஐ எப்படிச் செலவு செய்வது என்பதுதான்.

ஃபைல் எத்தனை எம்பி வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா? 1080p-யிலிருந்து 720p-க்குக் குறைச்சும் சைஸ் அப்படியே இருக்கு.

முடியும், ஒரே வரிக் கணக்கு:

```
(வீடியோ kbps + ஆடியோ kbps) × நொடிகள் ÷ 8 = ஃபைல் சைஸ் (KB)
```

நம் வகுப்பு 12 நிமிடம், அதாவது 720 நொடி. 640-உம் 64-உம் சேர்ந்து 704. 704-ஐ 720-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 63,360 KB, ஏறக்குறைய 63 எம்பி.

அந்த வரியில் ரெசல்யூஷன் எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. உங்களுக்கு சைஸ் குறையாததற்குக் காரணம் அதுதான், 720p ஆக்கினீர்கள், ஆனால் பிட்ரேட் பெட்டியில் பழைய எண்ணை அப்படியே விட்டிருக்கிறீர்கள். சைஸைத் தீர்மானிப்பது பிட்ரேட்டும் நேரமும் மட்டுமே. ரெசல்யூஷன் தீர்மானிப்பது வேறொன்றை, அந்த பிட்ரேட்டில் படம் பார்க்கிற மாதிரி இருக்குமா இருக்காதா என்பதை.

8-ஆல் வகுப்பதை மறந்துவிட வேண்டாம். நெட் வேகமும் பிட்ரேட்டும் பிட்டில் சொல்லப்படுகின்றன, ஃபைல் சைஸ் பைட்டில். வேகம் 1 Mbps என்றால் நொடிக்கு 1 எம்பி இறங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் இறங்குவது அதில் எட்டில் ஒரு பங்கு.

அதே 640-ல் 1080p வச்சா என்ன? பெரிய படம்னா கிளியரா தெரியும்ல?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1920×1080 என்றால் ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 854×480 என்றால் நாலு லட்சம் சொச்சம். ஐந்து மடங்கு வித்தியாசம். நொடிக்கு 640 கிலோபிட் என்பது ஒரு குறிப்பிட்ட அளவு சாம்பார் மாதிரி, பந்தியில் ஐந்து மடங்கு ஆட்கள் உட்கார்ந்தால் ஒவ்வொரு இலைக்கும் விழுவது ஐந்தில் ஒரு பங்குதான். அப்போது வீடியோவைச் சுருக்கும் என்கோடர் என்ன செய்யும்? ஃபிரேமைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வேலை செய்வது அதன் வழக்கம். பிட் போதாதபோது ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் நுணுக்கமான விவரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டத்தை ஏறக்குறைய ஒரே நிறமாக நிரப்பிவிடும்.

தையல் வீடியோவில் இது எப்படித் தெரியும் என்றால், துணி அசையாமல் மேசையில் கிடக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். டீச்சர் கை குறுக்கே வந்த உடனே கையைச் சுற்றிச் சதுரம் சதுரமாக உடையும், துணியில் போட்ட சாக்பீஸ் கோடு ஒரு நொடி மறைந்து அப்புறம் திரும்ப வரும். கோடு போடும் அந்த நேரத்திலேயே கோடு தெரியவில்லை என்றால் வீடியோ எதற்கு? அதே 640-ல் 480p வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் போதுமான பிட் கிடைக்கிறது, கை வந்தாலும் கோடு நிற்கிறது. போன் திரையில் பார்க்கும்போது, சதுரம் உடைந்த 1080p-யைவிட உடையாத 480p தெளிவாக இருக்கும். இதை நம்பாதவர்கள் ஒரு நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் எக்ஸ்போர்ட் செய்து அதே போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோராயமான அளவு ஒன்று வைத்துக்கொள்ளலாம். பிட்ரேட்டை, அகலம் × உயரம் × ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் என்று வரும். அநேகமாக எல்லா போனிலும் ஓடும் சுருக்கும் முறையான H.264-ல், கேமரா ஆடாத வகுப்பு வீடியோவுக்கு 0.05 பக்கம் இருந்தால் சமாளிக்கும், நடனம், விளையாட்டு மாதிரி எல்லாமே ஓடும் காட்சி என்றால் 0.1 வேண்டியிருக்கும். நம் 640 கிலோபிட்டை 480p, 30 ஃபிரேமுக்குப் போட்டால் 0.052 வருகிறது, சரி. 1080p-க்குப் போட்டால் 0.01, அதாவது வாய்ப்பே இல்லை. 720p-க்கு 0.023, கேமரா ஆடாமல் பேச்சு மட்டும் இருந்தால் ஒருவேளை தப்பிக்கலாம், துணி, கத்தரி, கை எல்லாம் அசையும் வகுப்பில் தப்பிக்காது. இந்த எண் ஒரு வழிகாட்டிதான், சட்டமில்லை. இறுதித் தீர்ப்பு கண்ணுடையது.

480p-ல இன்ச் டேப் நம்பர் தெரியலையே, அதுக்கு என்ன பண்றது?

ரெசல்யூஷனை ஏற்றாமல், தேவையில்லாததை வெட்டுங்கள். 1080p-யில் எடுத்த படத்தில் மேசையைச் சுற்றிச் சுவர், ஜன்னல், டீச்சர் பின்னால் நிற்கும் மெஷின் என்று பாதிப் படம் வீணாகத்தான் இருக்கும். அளவு எடுக்கும் காட்சிகளில் மட்டும் எடிட்டிங்கில் துணிப் பக்கமாக ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வெட்டுங்கள், அப்போது 480p ஆக்கிய பிறகும் டேப் எண்கள் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், ஒரு பிட்கூட அதிகச் செலவில்லை. மூலப் படம் 1080p-யில் இருப்பதால் இப்படிப் பெரிதாக்கினாலும் மங்காது. பெரிய ரெசல்யூஷனில் எடுப்பதன் உண்மையான பயன் இங்கேதான் கிடைக்கிறது.

இன்னொன்று, அளவைத் திரையில் எழுத்தாகவும் போட்டுவிடுங்கள், "தோள் 14 இன்ச்" என்று. எழுத்து பெரிதாக, தடிமனாக, கறுப்புப் பட்டைமேல் வெள்ளையில் இருக்கட்டும். மெல்லிய சிவப்பு எழுத்து வேண்டாம். வழக்கமான வீடியோவில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலைவிட இரண்டு திசையிலும் பாதி அளவில்தான் சேமிக்கப்படுகிறது, அதனால் நிற வித்தியாசத்தை மட்டும் நம்பி நிற்கும் எழுத்தின் ஓரம் கசிந்துவிடும்.

சராசரி பிட்ரேட் சரியாத்தான் வச்சிருக்கேன், சைஸும் சின்னதுதான். ஆனா குறிப்பிட்ட ஒரு இடத்துல மட்டும் எல்லாருக்கும் நிக்குது. ஏன்?

இந்தக் கேள்வி கேட்பவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். "எல்லாருக்கும் அதே இடத்தில்" என்பதுதான் தடயம். நெட்டின் குறை என்றால் ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்கும்.

சராசரி என்பது முழு வீடியோவுக்கும். என்கோடர் அமைதியான இடத்தில் 200 கிலோபிட் செலவு செய்து, மிச்சம் பிடித்ததைப் பரபரப்பான இடத்தில் கொட்டும். தரத்துக்கு அது நல்ல பழக்கம். ஆனால் நம் டீச்சர் பூப்போட்ட துணியை உதறி விரித்து, திருப்பி, மடித்துக் காட்டும் 20 நொடியில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதிலிருந்து முழுக்க மாறுகிறது, எனவே அங்கே பிட்ரேட் 2500-க்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நொடிக்கு 50,000 கிலோபிட் தேவை. 1000 கிலோபிட் நெட் அந்த நேரத்தில் கொண்டுவருவது 20,000. மீதி 30,000 வருவதற்கு இன்னும் 30 நொடி. பிளேயர் முன்கூட்டி இறக்கி வைத்திருந்தது கொஞ்சம் கைகொடுக்கும், அது தீர்ந்ததும் வட்டம்தான். ஃபைல் 63 எம்பியாகவே இருக்கும், சராசரியும் சரியாக இருக்கும், வீடியோ மட்டும் நிற்கும்.

இதற்கு மருந்து உச்சவரம்பு. எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துபவர்களுக்கு நம் வகுப்பின் முழுக் கட்டளை:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf "scale=-2:480" \
  -c:v libx264 -preset slow -crf 24 \
  -maxrate 640k -bufsize 1280k -pix_fmt yuv420p \
  -c:a aac -ac 1 -b:a 64k \
  -movflags +faststart veli.mp4
```

இதில் `-crf 24` தரத்தைச் சொல்கிறது. எண் குறையக் குறையத் தரமும் சைஸும் கூடும், 6 கூட்டினால் பிட்ரேட் ஏறக்குறையப் பாதியாகும். `-maxrate` வரம்பு. `-bufsize` அந்த வரம்பை எத்தனை கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது. இங்கே அது வரம்பைப் போல இரண்டு மடங்கு, அதாவது இரண்டு நொடிக்கான சரக்கு, அதற்குள் ஏறி இறங்கலாம், அதைத் தாண்டி முடியாது. ஆக அமைதியான இடத்தில் தேவையான அளவு மட்டும் செலவாகும், துணியை உதறும் இடத்தில் 640-ல் முட்டி நிற்கும். அந்த 20 நொடி கொஞ்சம் மங்கும், உண்மைதான். மங்கினாலும் ஓடுகிறது, டீச்சர் பேச்சு அறுபடவில்லை, என்னைக் கேட்டால் இந்த மாற்றம் எப்போதும் லாபம்தான். அத்தோடு 63 எம்பி என்பது உச்சமாகிவிடுகிறது, கேமரா ஆடாத வீடியோ என்றால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வரும்.

`-pix_fmt yuv420p` வைத்திருப்பது 10-பிட் மூலம் வந்தாலும் வெளியே 8-பிட் ஆக வரட்டும் என்று. பழைய போன்கள் பலவற்றில் 10-பிட் H.264 ஓடாது, சத்தம் மட்டும் வரும். புதுப் போனில் HDR போட்டு எடுத்திருந்தால் இது மட்டும் போதாது, நிறம் வெளுத்துவிடும். வகுப்புக்கு எடுக்கும்போது கேமராவிலேயே HDR-ஐ அணைத்துவிடுவது சுலபம்.

கட்டளை எல்லாம் நமக்கு வராது. ஹேண்ட்பிரேக்ல இதையே செய்யலாமா?

செய்யலாம், இலவச மென்பொருள், உள்ளே இருப்பதும் அதே x264 என்கோடர்தான். Fast 480p30 என்ற பிரிசெட்டிலிருந்து தொடங்குங்கள். Summary பக்கத்தில் Web Optimized என்பதில் டிக் போடுங்கள், அது ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது. Video பக்கத்தில் என்கோடர் H.264 (x264) என்று இருக்கட்டும், Constant Quality-யில் RF 24, வேகத்தை Slow பக்கம் நகர்த்துங்கள். அதே பக்கத்தின் அடியில் கூடுதல் ஆப்ஷன்கள் எழுதும் பெட்டி ஒன்று இருக்கும், அதில் இதை ஒட்டுங்கள்:

```
vbv-maxrate=640:vbv-bufsize=1280
```

Audio பக்கத்தில் மோனோ, 64. அவ்வளவுதான்.

பட்டியலில் NVENC, QSV என்று கிராஃபிக்ஸ் சிப் வைத்து வேலை செய்யும் என்கோடர்களும் தெரியும். பத்து மடங்கு வேகமாக முடியும் என்ற ஆசையில் அதைத் தொட வேண்டாம். நிறைய பிட் இருக்கும்போது வித்தியாசம் தெரியாது, ஆனால் 640 மாதிரி இழுத்துப் பிடிக்கும் இடத்தில் x264-ன் Slow அதே பிட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு நல்ல படம் தரும். ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்வதற்குக் காத்திருப்பது நீங்கள் ஒருவர்தான், பார்ப்பவர்கள் பல பேர்.

ஃபைல் சின்னதுதான், ஆனா பிளே அழுத்தினா ரொம்ப நேரம் கறுப்பாவே நிக்குது. அப்புறம் ஓட ஆரம்பிச்சா நல்லா ஓடுது.

mp4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு, moov என்று பெயர். எல்லா ஃபிரேமும் எழுதி முடித்த பிறகுதான் அட்டவணை தயாராகும் என்பதால், பல மென்பொருள்கள் அதை ஃபைலின் கடைசியில் எழுதிவிட்டுப் போகின்றன. பிளேயருக்கு அட்டவணை இல்லாமல் முதல் ஃபிரேம்கூடத் தெரியாது. சர்வர் அனுமதித்தால் பிளேயர் ஃபைலின் வாலுக்குத் தாவி அட்டவணையை எடுத்து வரும், மெதுவான நெட்டில் அந்தப் போக்குவரத்துக்கே சில நொடிகள் ஆகும். அனுமதிக்காத சர்வர் என்றால் 63 எம்பியும் இறங்கி முடியும்வரை கறுப்புத்திரைதான், நம் 1 மெகாபிட் நெட்டில் எட்டு நிமிடத்துக்கு மேல்.

`faststart`, Web Optimized இரண்டும் செய்வது அந்த அட்டவணையை முன்னால் கொண்டுவருவதுதான். ஏற்கனவே எக்ஸ்போர்ட் செய்த ஃபைலுக்கும் செய்யலாம், மறுபடி என்கோட் ஆகாது, தரம் மாறாது, சில நொடியில் முடிந்துவிடும்:

```
ffmpeg -i pazhaiya.mp4 -c copy -movflags +faststart pudhiya.mp4
```

டாவின்சி ரிசால்வில் எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு Deliver பக்கத்தில் Network Optimization என்ற பெயரில் இருக்கிறது.

ஃபைல் சரியா 40 எம்பிக்குள்ள இருக்கணும்னு கேக்கறாங்க. என்ன வைக்கறது?

மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 40,000 KB-ஐ 8-ஆல் பெருக்கி 720 நொடியால் வகுத்தால் 444 கிலோபிட். ஆடியோவுக்கு 64 கழித்தால் 380. ஃபைலின் சொந்தக் கட்டமைப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டு 370 வையுங்கள். இந்த மாதிரி குறிப்பிட்ட சைஸ் வேண்டும் என்றால் CRF-க்குப் பதில் சராசரி பிட்ரேட்டும் இரண்டு பாஸும்தான் வழி. முதல் பாஸில் என்கோடர் வீடியோவை முழுக்கப் படித்து எங்கே எவ்வளவு தேவை என்று குறித்துக்கொள்ளும், இரண்டாவதில் அதன்படி பங்கிடும். இங்கேயும் `-maxrate` போட மறக்க வேண்டாம். 370-ல் 480p திணறினால் 640×360-க்கு இறங்குங்கள்.

H.265, AV1 எல்லாம் பாதி சைஸ்ல அதே குவாலிட்டி தருதாமே, ஏன் இன்னும் H.264?

உண்மைதான், இரண்டுமே H.264-ஐவிடத் திறமையானவை. H.264 வந்தது 2003-ல், H.265 2013-ல், AV1 2018-ல், நடுவில் நிறையவே முன்னேற்றம். ஆனால் மெதுவான நெட் இருப்பவரிடம் பெரும்பாலும் இருப்பது பழைய, விலை குறைந்த போன். அதில் AV1-ஐ விரிப்பதற்கான சிப் வசதி இருக்காது, மென்பொருளால் விரிக்க முயன்று போன் சூடாகும், பேட்டரி இறங்கும், ஃபிரேம் தவறும். H.265-க்கு போனில் வசதி இருந்தாலும் பிரவுசர் அதை ஏற்குமா என்பது தனிப் பிரச்சினை. H.264 அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும்.

இணையதளத்தில் போடுகிறீர்கள் என்றால் இரண்டையும் வைக்கலாம், `<video>` குறியீட்டுக்குள் AV1 ஃபைலை முதல் `<source>` ஆகவும் H.264-ஐ இரண்டாவதாகவும் கொடுத்து, முதலாவதன் `type`-இல் கோடெக், அதாவது சுருக்கும் முறையின் பெயரையும் எழுதிவிட்டால், முடிகிற பிரவுசர் முதலாவதை எடுக்கும், முடியாதது இரண்டாவதற்குப் போகும். ஒரே ஒரு ஃபைல்தான் என்றால் H.264, யோசிக்கவே வேண்டாம்.

ஆடியோவை இன்னும் குறைச்சா படத்துக்கு நிறைய கிடைக்குமே?

64-ஐ 32 ஆக்கினால் படத்துக்குக் கிடைப்பது 32 கிலோபிட், அதாவது 640-ல் இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாதாரண AAC 32-க்குப் போனால் குரல் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். வகுப்பில் படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் பேசும் வீடியோவுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, மோனோ ஆக்கி 64 கொடுங்கள், தாராளம். பாட்டு இருந்தால் ஸ்டீரியோ, 96 அல்லது 128.

ராத்திரி டியூப்லைட்ல எடுத்தது, அதே செட்டிங்ல ரொம்ப மோசமா வருது.

வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேர்க்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு இடத்தில் வருகின்றன. வீடியோ சுருங்குவதற்கே அடிப்படை, போன ஃபிரேமில் இருந்த அதே சுவர் இந்த ஃபிரேமிலும் இருக்கிறது, மறுபடி அனுப்ப வேண்டாம் என்பதுதான். இரைச்சல் அந்த அடிப்படையையே உடைக்கிறது, அசையாத வெள்ளைச் சுவர்கூட என்கோடருக்கு அசைவதாகத் தெரிகிறது, உங்கள் 640-ல் பெரும்பகுதி சுவருக்குப் போகிறது. கையில் பிடித்து எடுத்து ஆடும் வீடியோவுக்கும் இதே கதை.

480p-க்குச் சுருக்கும்போதே பக்கத்துப் புள்ளிகள் கலந்து இரைச்சல் ஓரளவு போய்விடும். போதவில்லை என்றால் சுருக்குவதற்கு முன்னால் லேசாக வடிகட்டுங்கள், கட்டளையில் `-vf "hqdn3d,scale=-2:480"`, ஹேண்ட்பிரேக்கில் Filters பக்கத்தில் Denoise. பலமாக வைத்தால் துணியின் நெசவும் வழித்து எடுக்கப்பட்டு மெழுகு மாதிரி ஆகிவிடும், லேசான அளவே போதும். இதைவிட மேசைக்கு மேல் ஒரு எல்இடி பல்ப் கூடுதலாக மாட்டுவது எந்த செட்டிங்கையும்விட அதிக வேலை செய்யும்.

30 ஃபிரேமை 25 ஆக்கலாமா?

வேண்டாம். 30-லிருந்து 25 ஆக்க ஆறில் ஒன்றைக் கழிக்க வேண்டும், கை நகர்வது தட்டித் தட்டித் தெரியும், மிச்சமும் பெரிதாக இல்லை. குறைப்பதானால் சரிபாதியாக 15. கணினித் திரையைப் பதிவு செய்த பாடங்களுக்கு 15 அருமை, தையலுக்கு 30-ஐ விட்டுவிடுங்கள். 60-ல் எடுத்திருந்தால் கண்டிப்பாக 30 ஆக்குங்கள்.

யூடியூப்ல போடறதுக்கும் இப்படித்தான் சுருக்கணுமா?

இல்லை, நேர் எதிர். யூடியூப் நீங்கள் கொடுப்பதை மறுபடி என்கோட் செய்து பல ரெசல்யூஷன்களில் வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் நெட்டுக்குத் தக்கபடி மாற்றி மாற்றித் தருகிறது. சுருக்கியதைக் கொடுத்தால் அதன்மேல் இன்னொரு சுருக்கல் விழும். அங்கே 1080p-யிலேயே தாராளமான பிட்ரேட்டில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் மறுபடி சுருக்கும், டாக்குமென்டாக அனுப்பினால் நீங்கள் செய்த ஃபைல் அப்படியே போகும்.

எல்லாருக்கும் ஒரே ஃபைல் போதுமா?

நெட் ரொம்பவே விதவிதமாக இருந்தால் போதாது. முறையான வழி HLS, வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் மூன்று நான்கு பிட்ரேட்டில் வைத்திருப்பது, பிளேயர் துண்டுக்குத் துண்டு மாறிக்கொள்ளும். அதை அமைக்கவும் பராமரிக்கவும் ஆள் இல்லாத சின்ன வகுப்புக்கு, இரண்டு ஃபைல் போதும். ஒன்று நம் 480p. இன்னொன்று 360p, வரம்பு 300 கிலோபிட், ஆடியோ 48, அது 32 எம்பிக்கு மேல் போகாது. லிங்க் பக்கத்திலேயே எம்பியை எழுதிவிடுங்கள். டேட்டா பேக் தீரப்போகிறவருக்கு அந்த எண்தான் முக்கியம், திறந்து பார்த்த பிறகு தெரிந்து பயனில்லை.

நம்ம வீட்ல வைஃபை நல்லா இருக்கு. மெதுவான நெட்ல எப்படி வரும்னு எப்படிப் பார்க்கிறது?

ஃபைலைச் சர்வரில் ஏற்றிவிட்டு, குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து F12 அழுத்துங்கள். Network என்ற பிரிவில் No throttling என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் சொந்தமாக ஒரு வேகம் சேர்க்கலாம், டவுன்லோட் 1000 kbit/s, லேட்டன்சி 200 என்று கொடுங்கள். Disable cache-லும் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கனவே இறங்கியதைக் காட்டி ஏமாற்றும். அப்புறம் மூன்று இடம் பாருங்கள். பிளே அழுத்தியதும் எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது. துணியை உதறும் அந்த 20 நொடியில் நிற்கிறதா. நடுவில் எட்டாவது நிமிடத்துக்குத் தாவினால் உடனே வருகிறதா, வராவிட்டால் சர்வர் ஃபைலின் நடுப்பகுதியை மட்டும் தனியாகத் தர மறுக்கிறது என்று அர்த்தம், அது எக்ஸ்போர்ட்டில் சரியாகாது, சர்வர் வைத்திருப்பவரிடம் ரேஞ்ச் ரிக்வெஸ்ட் வசதி வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஓடுகிறது என்று உறுதியான பிறகு படத்தைப் பாருங்கள், கணினித் திரையில் இல்லை, மாணவிகளிடம் இருக்கும் மாதிரியான ஒரு போனில், கை நீளத் தூரத்தில் வைத்து. சாக்பீஸ் கோடு போடும்போது தெரிந்தால் விட்டுவிடலாம். தெரியவில்லை என்றால், 640-ஐ ஏற்ற முடியாத நிலையில், முதலில் காட்சியை நெருக்கமாக வெட்டுங்கள், அப்புறம் இரைச்சலை வடிகட்டுங்கள், அதற்கும் பிறகு மட்டும் 360p-க்கு இறங்குங்கள்.